95 பர்சன்டைலை 24 லட்சத்தால் பெருக்காதீர்கள்

மகள் 2025 நீட் எழுதுவதற்கு இரண்டு மாதம் முன்பு, மதுரையில் அவள் படித்த பயிற்சி மையத்தின் ஆலோசகர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "சார், பாப்பாவுக்கு மாதிரித் தேர்வில் 95 பர்சன்டைல். நாட்டில் 24 லட்சம் பேர். அதில் 5 சதவீதம் போட்டால் ரேங்க் 1 லட்சத்து 20 ஆயிரம். இங்கே எம்.பி.பி.எஸ். கிடைக்காது. வெளிநாட்டுக் கல்லூரிக்கு முன்பணம் கட்டிவிடுங்கள்" என்றார். நான் கப்பலூர் சிட்கோவில் கணக்கெழுதுகிறவன். பெருக்கல் சரியாக இருந்ததால் பணத்தைக் கட்டினேன். அந்தப் பணம் இன்றுவரை திரும்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நூறிலிருந்து பர்சன்டைலைக் கழித்து, மிச்ச சதவீதத்தைத் தேர்வர் எண்ணிக்கையில் எடுத்தால் ரேங்க் வரும். இதை எல்லாரும் செய்வார்கள். விண்ணப்பித்தவர் கணக்கை விட்டு, எழுதியவர் கணக்கை எடுங்கள். 2024-ல் விண்ணப்பித்தவர் 24.06 லட்சம், எழுதியவர் 23.33 லட்சம். இதில் பெரிய வித்தியாசம் வராது.

எங்கள் பணத்தைத் தின்ற தவறு வேறு. மாதிரித் தேர்வின் பர்சன்டைல், அந்தத் தேர்வை எழுதியவர்களுக்குள் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்பதை மட்டும்தான் சொல்லும். அந்த மையத்தின் கிளைகள் எல்லாம் சேர்த்து எழுதியது 8,000 பேர், மகள் 400-ஆவது. அந்த 8,000 பேரில் பெரும்பாலானோர் ஒரு வருடம் வீட்டிலிருந்து மறுபடி எழுதுகிற பிள்ளைகள். நாடு முழுக்க எழுதுகிற கூட்டமோ அப்படிப்பட்டதல்ல. பள்ளியில் சொன்னார்கள் என்று விண்ணப்பித்தவர்களும் அதில் உண்டு.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நீட்டில் பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் என்பதே 50-ஆவது பர்சன்டைல்தான். 2024-ல் அது 162. அதாவது எழுதியவர்களில் பாதிப் பேர் 162-க்குக் கீழே. மையம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மதிப்பெண் பட்டியலைக் கடைசிப் பக்கத்திலிருந்து மேலே எண்ணிக்கொண்டு வந்தேன். 8,000 பேரில் 162-க்குக் கீழே 300 பேர்கூட இல்லை. நாட்டில் பின்பாதியில் நிற்கிறவர்கள் அந்தப் பட்டியலில் அநேகமாக இல்லவே இல்லை.

அப்படியானால் 5 சதவீதத்தை 23.33 லட்சத்தில் எடுக்கக் கூடாது. அதன் மேல்பாதியான 11.67 லட்சத்தில் எடுக்க வேண்டும். வருவது 58 ஆயிரம். ஆலோசகர் சொன்னதில் பாதிகூட இல்லை. இந்தக் கணக்கை நான் போட்டது முன்பணம் போன பிறகு. கேள்வி கேட்கப் போனபோது, "உங்களுக்கு இதெல்லாம் புரியாது சார்" என்றார்கள்.

ஒரு எச்சரிக்கை உண்டு. மாதிரித் தாள் எளிதாக இருந்தாலும் எல்லாரும் 162-ஐத் தாண்டிவிடுவார்கள். அதனால் பிள்ளை பார்க்காத ஒரு பழைய நீட் தாளை, கடிகாரம் வைத்து வீட்டில் எழுத வையுங்கள். மதிப்பெண் மாதிரித் தேர்வை ஒட்டி வந்தால் கணக்கை நம்பலாம். நிறையக் குறைந்தால் மாதிரித் தாள்தான் எளிது. கூட்டம் வலுவானது என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் அந்த மதிப்பெண்ணை வைத்து நேரடியாக ரேங்க் பார்க்காதீர்கள். 650 எடுத்தவர் 2023-ல் ஏறத்தாழ 7 ஆயிரத்தில் நின்றார்; 2024-ல் ஏறத்தாழ 30 ஆயிரத்துக்குப் போய்விட்டார்.

இன்னொன்று, ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். மாதிரித் தேர்வுகளில் மகளின் இடம் 300-க்கும் 550-க்கும் நடுவில் ஏறி இறங்கியது. 8,000 பேரில் 50 இடம் தள்ளினாலே 11.67 லட்சத்தில் 7 ஆயிரம் ரேங்க் மாறும். இரண்டு ஓரங்களையும் போட்டுப் பார்த்தால் 44 ஆயிரம் முதல் 80 ஆயிரம் வரை வருகிறது. அந்த அகலம்தான் உண்மையான விடை. அதற்கு மேல் துல்லியமாகச் சொல்கிறவர் எதையோ விற்கிறார்.

ஜூனில் முடிவு வந்தது. மகளின் அகில இந்திய ரேங்க் 65 ஆயிரத்தை ஒட்டி. தமிழ்நாட்டின் தரவரிசைப் பட்டியல் தனி. அதில் எங்கள் வகுப்புப் பிரிவின் வரிசைப்படி சுயநிதிக் கல்லூரி ஒன்றில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்துப் படிக்கிறாள்.

உங்களிடமும் யாராவது ரேங்க் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தத் தேர்வை எழுதியவர்கள் யார்? அதில் தகுதி மதிப்பெண்ணுக்குக் கீழே எத்தனை பேர்? பதில் சொல்லாதவர் நீட்டும் ரசீதில், முடிவு வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.