எண்ணிக்கை மட்டும் வெளியே

எங்கள் கிளினிக்கின் முன்பதிவுத் தாளில் இருந்து வாராந்திர வருகை எண்ணிக்கையை மட்டும் வெளியிட விரும்புகிறோம். பெயர், போன் எண் பத்திகளை மறைத்துவிட்டால் போதுமா?

போதாது, கூகுள் ஷீட்டில் மறைத்த பத்தியை, கோப்பை நகலெடுக்க முடிந்த எவரும் மீண்டும் திறந்துவிடலாம். ஆகவே முன்பதிவுக் கோப்பைப் பொதுவில் பகிராமல், அதற்குள் தனித் தாள் ஒன்றைத் தொடங்கி, A பத்தியில் திங்கட்கிழமைத் தேதியையும் B பத்தியில் பிரிவையும் எழுதி, C பத்தியில் இச்சூத்திரத்தை இட வேண்டும். ‘பதிவு’ தாளில் A தேதி, D பிரிவு, E வருகை நிலை.

```
=IF(A2+7>TODAY(),"",COUNTIFS('பதிவு'!A:A,">="&A2,'பதிவு'!A:A,"<"&A2+7,'பதிவு'!D:D,B2,'பதிவு'!E:E,"வந்தார்"))
```

பிறகு Publish to web பகுதியில் முழுக் கோப்பையும் தேர்ந்துவிடாமல் இந்தத் தாளை மட்டும் தேர்ந்தால், எண்கள் தாமாகவே புதுப்பிக்கப்படும். முடியாத வாரத்தைச் சூத்திரம் காலியாக விடுவது மிக அவசியம்; ஏனெனில் தோல் பிரிவின் எண் 6இலிருந்து 7ஆக மாறும் வேளையில் அண்டை வீட்டுக்காரர் கிளினிக்கிலிருந்து வெளியே வருவதைக் கண்டவர், அவர் எதற்காக வந்தார் என்பதை ஊகித்துவிடுவார்.

சிறிய எண்களிலும் இதே ஆபத்து உண்டு. பொது மருத்துவம் 40, பல் 19, தோல் 2, மொத்தம் 61 என்றிருக்க, 2 என்பதை ‘5க்குக் கீழ்’ என்று மாற்றினாலும், மொத்தத்திலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் அது வெளிப்பட்டுவிடும். ஆகவே பல்லையும் தோலையும் ஒரே வரியில் 21 என்று தருவதே சரி. அந்த இணைப்பும் எல்லா வாரங்களுக்கும் நிலையாக இருக்க வேண்டும், இல்லையெனில் இணைக்கப்பட்ட வாரமே தோல் பிரிவுக்குச் சிலர்தான் வந்தார்கள் என்று சொல்லிவிடும்.