எர்ணாவூரில் மாணவர் சிற்றுண்டிச்சாலை: யாருக்காக?

எர்ணாவூரில் மாணவர்களுக்கென மலிவு விலைச் சிற்றுண்டிச்சாலை ஒன்று தொடங்குவதாகக் கொள்வோம். ‘மாணவர்’ என்பது ஒரே பிரிவன்று. காலையில் ரயிலுக்கு ஓடுபவர் தேநீரோடு நகர்ந்துவிடுவார். நண்பகலில் பலரிடம் வீட்டுச் சோறு இருக்கும். வகுப்பு முடிந்து, மாலை வேலைக்குச் செல்லுமுன் ஒரு மணி நேரம் எங்காவது காத்திருப்போர் மூன்றாம் பிரிவினர்; நானும் அவர்களில் ஒருவன். இவர்களையே இலக்காகக் கொள்ளலாம்.

விலையில் போட்டியிடுவது வீண். 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் இட்லியை ஒரு ரூபாய்க்குத் தந்தது. ஆனால் அங்கே மதிய உணவு 3 மணியோடு முடியும். தேநீர்க் கடையிலோ நெடுநேரம் உட்கார முடியாது. ஆகவே நம் கடை விற்க வேண்டியது இருக்கையைத்தான்.

சிக்கலும் அதில்தான். 20 இருக்கைகளும் நிரம்பி, ஒவ்வொருவரும் 15 ரூபாய்த் தேநீருடன் ஒரு மணி நேரம் அமர்ந்தால், 3 மணி நேர வரவு 900 ரூபாயே. சுண்டலும் சேர்த்து 30 ரூபாய் என்றால் 1,800. பொருட்செலவில் பாதி போக, மிஞ்சிய 900இல் வாடகையும் கூலியும் அடங்கா. எனவே காலையில் ஆலைத் தொழிலாளருக்கு நின்றபடி தேநீர் விற்றே தீரவேண்டும். பலகையில் மட்டும் ‘மாலை 3 முதல் 6 வரை மாணவர் அமர இடமுண்டு’ என்றிருக்கட்டும்.