பல கடன்கள், ஒரே மாத ஒதுக்கீடு: எதை முதலில் தீர்ப்பது?

தம்பானூர் பேருந்து நிலையத்தருகே தேநீர்க்கடை நடத்தும் ஒருவருக்கு மூன்று கடன்கள் இருப்பதாகக் கொள்வோம்: கூட்டுறவுச் சங்கத்தில் ரூ. 3,000, நகைக்கடன் ரூ. 6,000, வட்டிக்கடைக்காரரிடம் ரூ. 12,000. முதலிரண்டுக்கும் மாத வட்டி நூற்றுக்கு 1, மூன்றாவதற்கு 3. மாத ஒதுக்கீடு ரூ. 3,000. எல்லாக் கடன்களுக்கும் வட்டி செலுத்தியபின், எஞ்சியதை ஒரே கடனின் அசலுக்குக் கட்டுவார்.

சிறிய கடனை முதலில் தீர்ப்பது ‘பனியுருண்டை’ முறை. இரண்டாம் மாதமே ஒரு கடன் ஒழியும். மொத்த வட்டி ஏறத்தாழ ரூ. 2,431. வட்டி மிகுந்ததை முதலில் தீர்ப்பது ‘பனிச்சரிவு’ முறை. முதற்கடன் ஒழிய ஐந்து மாதமாகும். ஆனால் வட்டி ரூ. 1,598 மட்டுமே. இரண்டிலும் எட்டாம் மாதத்தில் முழுக்கடனும் தீரும்.

எனவே, இடையில் தளராதவருக்குப் பின்னதே சிக்கனமானது. நகைக்கடனின் கெடு நெருங்கிவிட்டால் மட்டும், ஏலத்தைத் தவிர்க்க அதையே முதலில் மீட்க வேண்டும்.