முதல் இரண்டு வரி

கேள்வி: அப்வொர்க்கில் ‘எனக்கு எட்டு வருட அனுபவம்’ என்று தொடங்கி விண்ணப்பிக்கிறேன். பதிலே வருவதில்லை, ஏன்?

பதில்: வேலை கொடுப்பவரின் பட்டியலில் உங்கள் கடிதத்தின் முதல் ஓரிரு வரிகள்தான் தெரியும். அங்கே உங்கள் அனுபவம் இருந்தால், அவருடைய சிக்கலுக்கு இடமே இல்லை.

ஒருவர், ‘என் வூகாமர்ஸ் கடையில் வாடிக்கையாளர் ஸ்ட்ரைப் வழியாகப் பணம் கட்டியும் ஆர்டர் Pending payment என்றே நிற்கிறது’ என்று எழுதியிருக்கிறார் என வைத்துக்கொள்ளுங்கள். இப்படித் தொடங்கலாம்:

“பணம் வந்தும் ஆர்டர் நகரவில்லை என்றால், ஸ்ட்ரைப் அனுப்பும் வெப்ஹூக் உங்கள் தளத்தைச் சேரவில்லையோ என்பதே என் முதல் சந்தேகம். ஸ்ட்ரைப் டாஷ்போர்டில் அதற்கு 403 என்று பதிவாகியிருந்தால், பெரும்பாலும் ஃபயர்வால்தான் தடுக்கிறது. எல்லா ஆர்டருக்கும் இப்படியா, சிலவற்றுக்கு மட்டுமா?”

அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அவர் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம், பேச்சும் தொடங்கிவிடும். ‘சந்தேகம்’ என்ற சொல்லும் வேண்டும். லாகைப் பார்க்காமல் அடித்துச் சொன்னால், தவறும்போது நம்பிக்கை போய்விடும். அவர் எழுதியதையே திருப்பி எழுதுவதும் பயன்படாது. அவருக்குத் தெரியாத ஒன்றாவது உங்கள் வரிகளில் இருக்க வேண்டும்.

இதற்குப் பிறகு, இதே போன்ற கோளாறு ஒன்றைச் சரிசெய்ததை ஒரே வரியில் சொல்லுங்கள். எட்டு வருடம் உங்கள் ப்ரொஃபைலிலேயே இருக்கிறது.