ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ நிலக்கரி? ஆற்றல் கணக்குக்கு முழுமையான வழிகாட்டி

சுற்றுச்சூழல் அறிவியல் தேர்வுகளில் எண்களை மாற்றி மாற்றிக் கேட்கப்படும் கணக்கு இது: ‘ஒரு வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் மின்சாரம் செலவாகிறது. அனல்மின் நிலையத்தின் பயனுறுதிறன் 36 சதவீதம். அங்கிருந்து அனுப்பப்படுவதில் 10 சதவீதம் வழியில் இழப்பாகிறது. ஒரு கிலோ நிலக்கரி எரிந்தால் 16 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். எவ்வளவு நிலக்கரி தேவை?’

முதலில்: வாட் வேறு, யூனிட் வேறு

வாட் என்பது ஆற்றல் செலவாகும் வேகம்; நொடிக்கு ஒரு ஜூல். யூனிட், அதாவது கிலோவாட் மணி, செலவான ஆற்றலின் அளவு. 75 வாட் மின்விசிறி 8 மணி நேரம் ஓடினால் 75 × 8 = 600 வாட் மணி; 0.6 யூனிட். ‘கிலோவாட்/மணி’ என்று வகுத்தல் குறி போட்டு எழுதுகிறவர்கள் நிறைய. இங்கே இருப்பது பெருக்கல்.

யூனிட்டை ஜூலாக மாற்றுவதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கிலோவாட் என்றால் நொடிக்கு 1,000 ஜூல், ஒரு மணிக்கு 3,600 நொடி. பெருக்கினால் 36 லட்சம் ஜூல், அதுவே 3.6 மெகாஜூல். அமெரிக்கத் தேர்வுகளில் பி.டி.யு. என்ற அலகு வரும். ஒரு யூனிட் ஏறத்தாழ 3,412 பி.டி.யு.

அடுத்து: வீட்டிலிருந்து உலைக்குப் பின்னோக்கி

வீட்டுக்கு வந்து சேர்ந்தது 400 யூனிட். அனுப்பியதில் 90 சதவீதம்தான் வந்தது. ஆகவே அனுப்பியது 400 ÷ 0.90 = 444.4 யூனிட். இங்கே 400-உடன் பத்து சதவீதம் கூட்டி 440 என்று எழுதுவது பொறி. இழப்பு சதவீதம் அனுப்பியதன் மீது, வந்ததன் மீதல்ல.

உலையில் பிறந்த வெப்பத்தில் 36 சதவீதம்தான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி குளிர்விக்கும் நீரோடும், கொஞ்சம் புகைபோக்கி வழியாகவும் வெளியேறிவிடும். எனவே தேவையான வெப்பம் 444.4 ÷ 0.36 = 1,234.6 யூனிட். 3.6-ஆல் பெருக்கினால் சுமார் 4,444 மெகாஜூல். 16-ஆல் வகுத்தால் சுமார் 278 கிலோ நிலக்கரி.

எரிபொருளிலிருந்து வீட்டை நோக்கிப் போகும் கேள்வி என்றால் பயனுறுதிறனால் பெருக்க வேண்டும். வீட்டிலிருந்து எரிபொருளை நோக்கி என்றால் வகுக்க வேண்டும்.

விடை சரியா?

வகுக்க வேண்டிய இரண்டு இடத்திலும் பெருக்கியிருந்தால் விடை 29 கிலோ என்று வரும். 29 கிலோவில் இருப்பதே 464 மெகாஜூல், அதாவது 129 யூனிட். அதிலிருந்து 400 யூனிட் எப்படி வரும்? எரிபொருளில் உள்ள ஆற்றல் வீட்டில் செலவானதைவிடக் குறைவாக வந்தால் எங்கோ தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்.

விடைத்தாளில் ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுங்கள். கடைசி எண் பிசகினாலும் வழிமுறைக்கு மதிப்பெண் கிடைக்க வாய்ப்புண்டு.