ஃபிளீஸ் ஜாக்கெட்டை எப்படித் துவைப்பது?

ஊட்டிக்கோ டொராண்டோவுக்கோ போகிறவர் பெட்டியில் ஃபிளீஸ் ஜாக்கெட் ஒன்று இருக்கும். 1980களில் அமெரிக்காவின் லாரன்ஸ் நகரிலிருந்த மால்டன் மில்ஸ் ஆலை பிரபலமாக்கிய துணி இது. பாலியஸ்டர் நூலைப் பின்னி, மேற்பரப்பைக் கம்பிப் பற்களால் கீறிப் பஞ்சுபோல எழுப்புகிறார்கள். அந்தப் பஞ்சுக்குள் தங்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. அதனால்தான் கனமில்லாமலே கதகதப்பு. பஞ்சு படிந்துவிட்டால் காற்றுக்கு இடமில்லை. ஆகவே துவைக்கும்போது காப்பாற்ற வேண்டியது அந்தப் பஞ்சைத்தான்.

சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள, நடுத்தர தடிமன் ஜாக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

1. ஜிப்பை மூடி, உள்பக்கம் வெளியே வருமாறு திருப்புங்கள்; வெளிப்பக்கம் உரசி உருண்டை பிடிப்பது குறையும். உருண்டை பிடிப்பது பெரும்பாலும் அக்குளிலும், தோள்பை வார் உரசும் இடத்திலும்தான். உரசலில் அறுந்த இழை நுனிகள் சிக்கி உருள்கின்றன. பாலியஸ்டர் இழை உறுதியானது என்பதால் அந்த உருண்டை எளிதில் உதிராமல் அப்படியே தொங்கும்.

2. பருத்தித் துண்டு, ஜீன்ஸ் ஆகியவற்றோடு போடாதீர்கள். துண்டின் நூல்தூசு ஒட்டும், ஜீன்ஸ் உரசும்.

3. குளிர்ந்த நீர் அல்லது 30 டிகிரி, மென்மையான சுற்று, கொஞ்சம் லிக்விட் டிடர்ஜென்ட். ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டாம். அதன் பூச்சு இழையில் படியும். அழுக்கோ நாற்றமோ இல்லாதபோது துவைக்கவே வேண்டாம். ஒவ்வொரு துவைப்பிலும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் சாக்கடைக்குப் போகின்றன.

4. நிழலில் உலர்த்துங்கள். பாலியஸ்டர் நீரை உறிஞ்சாது, சீக்கிரம் காயும். இஸ்திரிப் பெட்டி கூடாது. 70 டிகிரியைத் தாண்டினாலே இழை விறைப்பு தளரும். அந்தச் சூட்டில் அமுங்கிய பஞ்சு, ஆறியபின் அப்படியே நின்றுவிடும்.

5. காய்ந்ததும் மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் வருடுங்கள். உருண்டைகளைப் பிய்த்தால் இன்னும் இழை வெளியே வரும். துணியைச் சமதளத்தில் விரித்து, ஃபேப்ரிக் ஷேவரை அழுத்தாமல் ஓட்டுங்கள்.

கழற்றும்போது பொறி பறக்கிறதா? ஈரம் உறிஞ்சாத துணியில் உரசலால் சேரும் மின்னேற்றம் வெளியேற வழியில்லை. ஹீட்டர் ஓடும் வறண்ட அறையில் அது கூடும். உள்ளே பருத்திச் சட்டை போடுங்கள்; அணியுமுன் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். டிரையரில் உலர்த்தினால், குறைந்த சூட்டில் வைத்து, சற்று ஈரமிருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

ஜாக்கெட்டோடு அடுப்பருகே நிற்காதீர்கள். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

ஆண்டுக்கொருமுறை முழங்கைப் பகுதியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பஞ்சு மறைந்து பின்னல் கண்ணிகள் தெரிந்தால், அந்த இடத்தில் குளிர் ஏறும். பிரஷ்ஷுக்கு அது மீளாது.