தோப்தியா, திரௌபதியா?

கொல்கத்தாவில் நம் வீடுகளில் தமிழ், வங்காளி, இந்தி மூன்றும் ஒரே கூடத்தில் புழங்குகின்றன. அந்தத் தைரியத்தில், இந்தி மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு நண்பருக்காக, மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' சிறுகதையை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே பேனா நின்றுவிட்டது.

1978-ல் வந்த 'அக்னிகர்ப்ப' தொகுப்பில் உள்ள கதை இது. காலம் 1971, நக்ஸல் நாட்கள். நாயகி, போலீஸ் தேடும் ஒரு சந்தால் கூலிப்பெண். கதை துவங்கும்போதே சீருடைக்காரர் இருவர் பேசிக்கொள்கிறார்கள். 'தோப்தி' என்ற பெயர் தன் பட்டியலில் இல்லையே என்று ஒருவர் குழம்புகிறார். மற்றவர், அவள் பெயர் திரௌபதி மேஜேன் என்கிறார். அவள் தாய் நெல்லடித்த பண்ணை வீட்டின் எஜமானி வைத்த பெயர் அது. பெரிய வீடு கொடுத்த 'திரௌபதி', அவள் ஜனங்களின் வாயில் 'தோப்தி' ஆகிவிட்டது. நம்மூர்க் கிராமங்களில் அதே பெயர் 'துரோபதை' ஆனதை நினைத்துக்கொண்டால் போதும்.

இந்தியில் இரண்டையும் 'த்ரௌபதீ' என்று திருத்தி எழுதினால் கதையின் துவக்கமே புரியாது. அப்படியே 'தோப்தீ' என்று எழுதலாமா? எழுதலாம். ஏனெனில் கூட்டெழுத்தை உடைப்பது இந்திக் கிராமத்துப் பேச்சிலும் உண்டு. 'ப்ரஸாத்' அங்கே 'பரஸாத்' ஆகிறது. 'ஸ்கூல்' 'இஸ்கூல்' ஆகிறது. 'ஸ்டேஷன்' 'டேஸன்' ஆகிறது. இதைக் கண்டதும் இந்தி வாசகர், பேசுபவர் பள்ளிக்கூடம் போகாதவர் என்று யாரும் சொல்லாமலே அறிந்துகொள்கிறார்.

ஆனால் எல்லா எழுத்தையும் இப்படி அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. இங்கேதான் நான் சறுக்கினேன். வங்காளியில் 'வ' ஒலி கிடையாது. கல்லூரிப் பேராசிரியரும் 'வித்யா' என்பதை 'பித்யா' என்றுதான் தொடங்குவார் (பம்பரத்தில் இரண்டாவதாக வரும் 'ப'வைப் போல ஒலிக்கவேண்டும்). அதை அப்படியே இந்தியில் எழுதினால் பேராசிரியர் பட்டிக்காட்டார் ஆகிவிடுவார். இந்தியில் 'வ'வை 'ப' ஆக்குவது நாட்டுப்புறப் பேச்சின் அடையாளம். என் முதல் பிரதியில் படித்த அதிகாரியின் வாயில் அப்படி ஒரு சொல் விழுந்திருந்தது. நண்பர் அங்கே சிரித்தார். கதையில் சிரிக்க இடமே இல்லை.

மறுபுறம், வங்காளக் கிராமத்தார் 'லேபு' என்ற எலுமிச்சையை 'நேபு' என்பார்கள். வங்காளி வாசகருக்கு அது கிராமத்து வாய். இந்தியிலோ எலுமிச்சைக்கு ஊரறிந்த பெயரே 'நீம்பூ'. அங்கே 'ந' எந்த அடையாளமும் ஆகாது. ஆகவே எழுத்தைப் பார்க்காமல், அது வாசகரின் காதில் என்ன செய்கிறது என்று பார்த்து, அதே வேலையைச் செய்யும் வேறோர் எழுத்தை இந்தியில் தேடவேண்டும்.

அப்படியானால் அவள் பேச்சு முழுவதையும் போஜ்புரியில் போட்டுவிடலாமே என்று தோன்றும். நானும் ஒரு பக்கம் போட்டுப் பார்த்தேன். நண்பர் கேட்ட முதல் கேள்வி, "இவள் பல்லியாக்காரியா, சாப்ராவா?" சந்தால் பெண் பீகார் எல்லைக்கு அப்பால் போய்விட்டாள்! 1981-ல் இக்கதையை ஆங்கிலத்தில் தந்த காயத்ரி ஸ்பீவாக், இதே சங்கடத்தை முன்னுரையில் சொல்லி, பழங்குடியினரின் பேச்சை நேரான ஆங்கிலத்திலேயே எழுதினார். இரண்டு பெயர்களை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார். ஆங்கிலத்துக்கு அது சரி. இந்தி பக்கத்து வீட்டு மொழியல்லவா, இன்னும் கொஞ்சம் முடியும் என்பது என் கட்சி. நேரான இந்தியையே வைத்து, எந்த ஜில்லாவுக்கும் சொந்தமாகாத கூட்டெழுத்து உடைப்பை மட்டும் ஒரு வாக்கியத்துக்கு ஒன்று என்ற அளவில் விட்டேன். அதற்கு மேல் போனால் கேலி போல ஆகிவிடுகிறது.

மிகவும் சிரமப்படுத்திய சொல் 'கவுன்டர்'. பிடித்தவரைச் சுட்டுவிட்டு 'என்கவுன்டர்' என்று போலீஸ் எழுதிக்கொள்ளும். அந்த ஆங்கிலச் சொல் கதையில் அவள் ஜனங்களிடம் தலை வெட்டுண்டு 'கவுன்டர்' ஆகியிருக்கிறது. இந்திப் பத்திரிகைச் சொல்லான 'முட்பேட்' போட்டால் அர்த்தம் சரி, ஆனால் பேசுவது நிருபர். வழக்கமான எழுத்தில் 'காவுன்டர்' என்று போட்டால் ரயில் டிக்கெட் ஜன்னல் நினைவுக்கு வருகிறது. கடைசியில் 'கௌன்டர்' என்று வேண்டுமென்றே பிழையாக எழுதி, 'கர் தேங்கே' என்ற வினையோடு சேர்த்தேன். 'கௌன்டர் செய்துவிடுவார்கள்' என்றதும் நண்பர் டிக்கெட்டைப் பற்றிக் கேட்கவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

இன்னொன்று. இத்தகைய பிரதியைத் தட்டச்சுக்கோ அச்சுக்கோ கொடுப்பவர்கள், வேண்டுமென்றே செய்த பிழைகளைத் தனித்தாளில் எழுதிக் கூடவே கொடுக்கவேண்டும். நான் கொடுக்கவில்லை. தட்டச்சு செய்த நல்லவர், பதினோரு இடங்களில் தோப்தியைத் திரௌபதியாகத் திருத்தி அனுப்பியிருந்தார்.